விலைப்பலகையும் வழக்கமா வருகிற ஆளும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம கூட்டமைப்பில் இப்போ சாயாக்கடை, பலகாரக்கடை, மதியச் சாப்பாட்டுக்கடை நடத்துகிற குழுக்கள் கூடிவிட்டன. அதனால் கடை விலைப்பலகையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பலகையில் எந்த விலையை மேலே எழுதுவது, எந்த விலையை முழுசாக்குவது, அதைச் செய்யும்போது தினமும் வருகிற ஆளைக் குழப்பாமல் இருப்பது எப்படி என்கிற இந்த ஒரே காரியத்தை மட்டும் சொல்லுகிறேன். மார்த்தாண்டத்தில் இருந்து தேங்காப்பட்டணம் போகிற ரோட்டில் எங்கள் குழு நடத்துகிற கடைக் கணக்கையே எடுத்துச் சொல்லுகிறேன். கணக்கு நோட்டு கையில் இருக்கு, சந்தேகம் உள்ளவர்கள் பிறகு வந்து பார்க்கலாம்.

முதலில் ஒரு கதை. 1974-ல் கானமன், ட்வெர்ஸ்கி என்று இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பரிசோதனை பற்றி எழுதினார்கள். திருவிழாவில் சக்கரம் சுத்துகிற மாதிரி ஒரு சக்கரம். அதை ஆட்கள் முன்னால் சுத்துவார்கள். அது 10-ல் நிற்கும், இல்லாவிட்டால் 65-ல் நிற்கும், அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். சுத்தி முடிந்த பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் நூற்றுக்கு எத்தனை ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்கள் நடுவாக 25 என்றார்கள். 65-ஐப் பார்த்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் முதலில் கண்ணில் பட்ட எண் மனசைப் பிடித்து இழுத்து விட்டது. இதுக்கு ஆங்கரிங் என்று பேர் வைத்தார்கள். ஆங்கர் என்றால் நங்கூரம். நமக்கு விளக்க வேண்டாம், தேங்காப்பட்டணம் போனால் வள்ளத்தில் கிடக்கும். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் வள்ளம் ஆடும். முதலில் பார்த்த விலையும் அப்படித்தான், அதைச் சுற்றித்தான் மனசு ஆடும்.

அமெரிக்காவில் வீட்டில் ரொட்டி சுடுகிற மெஷின் விற்ற ஒரு கம்பெனி, வில்லியம்ஸ் சொனோமா என்று பேர். 275 டாலருக்கு ஒரு மெஷின் வைத்தார்கள், போகவில்லை. பிறகு அதைவிடப் பெரிய மெஷின் ஒன்றை, பாதி விலைக்கும் மேலே கூட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். பெரியதை அதிகம் பேர் வாங்கவில்லை, ஆனால் பழைய மெஷினின் விற்பனை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. வெறும் ஒரு விலை இருந்தபோது அது கூடுதல் என்று தோன்றியது. பக்கத்தில் பெரியது வந்ததும் அதுவே நடுவான விலை ஆகிவிட்டது.

இதைக் கேட்டதும் நம்ம கடையிலும் மேலே ஒரு பெரிய விலை எழுதிவிட்டால் போதும், சாயாவுக்கு 15 ரூபாய் வாங்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அது நடக்காது. ஏன் நடக்காது என்பதுதான் இந்தப் பேச்சில் முக்கியமான விஷயம்.

தினமும் வருகிற ஆளிடம் ஏற்கனவே ஒரு நங்கூரம் கிடக்கு. அது அவர் நேற்றுக் கொடுத்த பைசா. எங்கள் கடைக்கு விடியக்காலம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வருவார்கள். பிறகு ஓட்டோக்காரர்கள், கொத்தனார்மார், அண்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள். இவர்களில் ஒருவர்கூடப் பலகையைப் பார்ப்பது இல்லை. “அக்கா, ஒரு சாயா” என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையில் கை போகும், கை தானே 12 ரூபாயை எடுக்கும். எதிர்க்கடையிலும் சாயா 12 தான். அவர்களுக்குப் பலகையில் 140 என்று எழுதினாலும் 1400 என்று எழுதினாலும் ஒன்றுதான். பலகை வேலை செய்வது புதிதாக வருகிறவரிடம், பஸ்ஸுக்கு நிற்கிறவரிடம், ‘இன்று என்ன சாப்பிடலாம்’ என்று அண்ணாந்து பார்க்கிறவரிடம். அதனால் கடைச் சாமான்களை முதலில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பலகையைப் பார்க்காமல் கேட்கிற சாமான் ஒரு பக்கம், பார்த்துவிட்டுக் கேட்கிற சாமான் ஒரு பக்கம். எங்கள் கடையில் சாயா, கட்டன், ரசவடை, பழம்பொரி முதல் பக்கம். மதியச் சாப்பாடு இரண்டாவது பக்கம். புட்டும் கடலையும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டுக்கும் நடுவில்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கு. ஒரு வாரம் நோட்டில் கோடு போட வேண்டும். கேட்கும்போது விலை கேட்டாரா, பலகையைப் பார்த்தாரா என்று சாமான் பேருக்கு நேரே ஒரு குறி. மதியச் சாப்பாட்டுக்கு நேரே நிறையக் குறி விழும், சாயாவுக்கு நேரே ஒன்றிரண்டுதான் விழும். குறி விழுகிற சாமானில் மட்டும்தான் நங்கூர வேலைக்கு இடம் இருக்கு.

சாப்பாட்டை முதலில் சொல்லுகிறேன். முன்பு எங்கள் பலகையில் சாதாச் சாப்பாடு 70, மீன்கறிச் சாப்பாடு 90 என்று இரண்டு வரி இருந்தது. அதுவும் பலகையின் கடைசியில். கட்டன் 8-ல் தொடங்கி, ஒவ்வொரு வரியாக விலை கூடிக் கூடி, கடைசியில் 90. மேலே இருந்து படித்து வருகிற ஆளுக்கு அந்தப் பலகையிலேயே 90 தான் பெரிய எண். 8-ஐயும் 12-ஐயும் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு 90 ஒரு மலை மாதிரி. நாள் ஒன்றுக்கு 40 சாப்பாடு போகும், அதில் 28 சாதா, 12 மீன்கறி.

நாங்கள் செய்தது இரண்டு காரியம். சாப்பாட்டுக்கு மட்டும் தனிப் பலகை போட்டு, கல்லாவுக்கு எதிரே மாட்டினோம். அதில் மேல் வரியாக சோறு, மீன்கறி, பொரிச்ச மீன் ஒரு துண்டு, கூட்டு, அவியல் எல்லாம் சேர்த்து 140 ரூபாய் என்று ஒரு பெரிய சாப்பாடு எழுதினோம். அதுக்குக் கீழே மீன்கறிச் சாப்பாடு 90. அதுக்கும் கீழே சாதா 70. பழைய இரண்டு விலையிலும் ஒரு ரூபாய்கூடக் கூட்டவில்லை. சாயாப் பலகையைத் தொடவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் அதே 40 சாப்பாட்டில் சாதா 22, மீன்கறி 15, பெரிய சாப்பாடு 3. இதைப் பைசாவாகப் பார்ப்போம். அரிசி, மீன், தேங்காய், கேஸ், கூலி எல்லாம் போக சாதாவில் எங்களுக்கு 18 ரூபாய் நிற்கும், மீன்கறியில் 26, பெரியதில் 32. முன்பு 28 சாதாவும் 12 மீன்கறியும் சேர்ந்து நாளுக்கு 816 ரூபாய். இப்போ 882. நாளுக்கு 66 ரூபாய் கூடுதல். பெரிய தொகை ஒன்றும் இல்லைதான். ஆனால் விலை கூட்டாமல், அளவு குறைக்காமல், யாரும் முகம் சுளிக்காமல் வந்தது. தினமும் சாதா சாப்பிடுகிறவர் இன்றைக்கும் அதே 70-க்குச் சாப்பிடுகிறார். மாறினவர்கள் பலகையைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள்தான்.

இதில் ஒரு கட்டாயம் இருக்கு. மேல் வரியில் எழுதினது கேட்டால் கிடைக்க வேண்டும். வெறுமனே பெரிய எண் தெரியட்டும் என்று, சமைக்காத சாப்பாட்டை எழுதி வைப்பது ஏமாற்று வேலை. இல்லாத சாமானை இருக்கிறது போலக் காட்டி ஆளை உள்ளே இழுக்கிற விளம்பரத்தைத் தடுக்க மத்திய அரசு 2022-ல் விதிமுறையே கொண்டுவந்திருக்கு. நம்ம ஊரில் சட்டம் வருவதற்கு முன்னால் வாய்ப்பேச்சு வந்துவிடும். “பலகையில இருக்கு, கேட்டா இல்ல” என்று ஒரு ஓட்டோக்காரர் சொன்னால் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்.

மீனில் இது கஷ்டமான சங்கதி. நம்ம மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. அந்த நாளில் மீன் விலை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. 140-க்குக் கொடுத்தால் கைப்பைசா போகும். அப்போது என்ன செய்வது? துண்டைச் சின்னதாக வெட்டி அதே 140-க்குக் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வழிதான். சாக்பீஸால் அன்றைய விலையை எழுத வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியையே அழித்துவிட வேண்டும். விலைக்கான இடத்தை வெறுமையாக விட்டு, ‘கேட்டுத் தெரிந்துகொள்க’ என்று எழுதக்கூடாது. கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல நம்ம ஆட்களுக்கு நாணம். கேட்காமலே போய்விடுவார்கள். இன்னொன்று, மீனை முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைக்கக்கூடாது. மசாலா புரட்டிக் குளிரில் வைத்துவிட்டுக் கேட்கும்போது பொரித்தால் மிச்சம் விழாது. மூன்று சாப்பாடு விற்பதற்காக இரண்டு துண்டு மீன் வீணாகப் போனால் அந்த 66 ரூபாயும் அதோடு போகும்.

இனி விலையை முழுசாக்குகிற காரியம். செருப்புக் கடையில் 99 ரூபாய் 95 காசு என்று எழுதுவார்களே, அதுக்கு ‘பாட்டா விலை’ என்று பேரே விழுந்துவிட்டது. நம்ம பாட்டா இல்லை, செருப்புப் பாட்டா! 100 என்றால் மூன்று இலக்கம், 99 என்றால் இரண்டு இலக்கம், இடது பக்க எண்ணைத்தான் கண் முதலில் பிடிக்கும், அதனால் குறைவாகத் தோன்றும் என்பது அதின் கணக்கு. செருப்பு வருஷத்துக்கு ஒருமுறை வாங்குகிறது. சாயாக்கடைக்கு அது ஆகாது. 49 என்று எழுதினால் ஒவ்வொரு தடவையும் ஒரு ரூபாய் நாணயம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாணயம் இல்லாவிட்டால் மிட்டாயைக் கையில் வைப்பார்கள், அதைப் பார்த்து எரிச்சல் படாதவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டா?

போனில் பைசா அனுப்புகிற காலத்தில் சில்லறை எதுக்கு என்று சிலர் கேட்பார்கள். விடியக்காலம் வருகிற பால்வெட்டுக்காரர் போனை எடுப்பது இல்லை. அதுவும் போக, முழு எண் வேண்டியது சில்லறைக்காக மட்டும் இல்லை, கல்லாவில் இருக்கிற நமக்காகவும்தான். காலையில் எட்டு மணிக்கு ஒரே நேரத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். 37-ஐயும் 12-ஐயும் 13-ஐயும் மனசில் கூட்டினால் தப்பு வரும். சாயங்காலம் பெட்டியை எண்ணும்போது பத்தோ இருபதோ இடிக்கும், பிறகு யார் எடுத்தது என்று குழுவுக்குள்ளேயே முகம் கறுக்கும்.

எங்கள் பழைய விலையைக் கேளுங்கள். சாயா 12, கட்டன் 8, ரசவடை 8, பழம்பொரி 13, புட்டும் கடலையும் 37, கிழங்கும் மீன்கறியும் 58. ஒவ்வொரு தடவை பால், எண்ணெய், ஏத்தன்பழம் விலை ஏறும்போதும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று ஏறி வந்து இப்படி நின்றது.

இதை முழுசாக்க வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் பேசியபோது, எல்லாத்தையும் பக்கத்தில் இருக்கிற ஐந்துக்கோ பத்துக்கோ தள்ளிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எழுதிப் பார்த்தோம். சாயா 10, கட்டன் 10, வடை 10, பழம்பொரி 15. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பால் விட்ட சாயாவும் பால் விடாத கட்டனும் ஒரே விலை! கட்டன் குடிக்கிற ஆள் ‘அப்போ எனக்கும் பால் விட்டே தா’ என்பார். பாலுக்குத்தான் செலவே. சாயாவில் இரண்டு ரூபாய் இறக்குவதும் சுலபம், ஆனால் 10 என்று ஒருதடவை மனசில் பதிந்தால் மறுபடி 12 ஆக்கும்போது அது விலையேற்றம் ஆகிவிடும். சரி, எல்லாத்தையும் மேலே தள்ளினால்? சாயா 15, வடை 10. நேற்று 20 கொடுத்த ஆள் இன்று 25 கொடுக்க வேண்டும். எதிர்க்கடை அதிக தூரம் இல்லை.

அப்போது நோட்டை இன்னொரு விதமாகப் பார்த்தோம். சாமான் சாமானாக எண்ணாமல், ஒரு ஆள் ஒரு தடவையில் என்னவெல்லாம் சேர்த்து வாங்குகிறார், கடைசியில் எவ்வளவு கொடுக்கிறார் என்று எண்ணினோம். நாளுக்கு 140 சாயா போகிறது என்றால் அதில் 60 ரசவடையோடு, 50 பழம்பொரியோடு, 25 புட்டோடு. தனிச் சாயா ஐந்துதான். கட்டன் 30 போகும், அதில் 15 கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுகிறவர்கள் கேட்பது.

இப்போ பாருங்கள். சாயா 12, வடை 8, சேர்த்தால் 20. சாயா 12, பழம்பொரி 13, சேர்த்தால் 25. தனியாகப் பார்த்தால் ஒன்றும் முழு எண் இல்லை, சேர்த்தால் முழு எண். வழக்கமாக வருகிறவர் மனசில் இருப்பது சாயாவின் 12 இல்லை, அவர் தினமும் கொடுக்கிற அந்த 20 தான். அதனால் தனி விலையை அப்படியே விட்டுவிட்டு, சேர்க்கையை முழுசாக்கினோம். சாயாப் பலகையில் பழைய வரிகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. வலது பக்கம் புதிதாக நாலு வரி எழுதினோம். சாயாவும் ரசவடையும் 20. சாயாவும் பழம்பொரியும் 25. புட்டு, கடலை, சாயா 50. கிழங்கு, மீன்கறி, கட்டன் 65.

முதல் இரண்டிலும் ஒரு காசு மாற்றம் இல்லை. மூன்றாவதில் 37-ம் 12-ம் 49 தான் வரும், நாங்கள் 50 எழுதினோம். இங்கேதான் கவனம் வேண்டும். தனியாக வாங்கினால் 49, சேர்த்து வாங்கினால் 50 என்று வந்தால் அடுத்த நாளே ஒருவர் கூட்டிப் பார்த்துவிடுவார். சேர்க்கையின் விலை தனி விலைகளின் கூட்டுத்தொகையைத் தாண்டவே கூடாது. அதனால் புட்டும் கடலையும் 38 என்று ஒரு ரூபாய் கூட்டினோம், அதைக் கூட்டினது என்று சொல்லியே கூட்டினோம். நாலாவதில் 58-ம் 8-ம் 66 வரும், அதை 65 ஆக்கினோம். சேர்த்து வாங்குகிறவருக்கு ஒரு ரூபாய் லாபம்.

மொத்தத்தில் புட்டில் நாளுக்கு 35 ரூபாய் கூடும், கிழங்கில் 15 ரூபாய் குறையும். மிச்சம் 20 ரூபாய். இவ்வளவு பாடுபட்டு 20 ரூபாய்க்கா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். முழுசாக்குவது சம்பாதிக்கிறதுக்கு இல்லை பிள்ளே. மேலே தள்ளினதும் கீழே தள்ளினதும் ஏறக்குறைய சமமாக வந்தால்தான் ‘முழுசாக்குறோம்’ என்று சொல்ல நமக்கு வாய் இருக்கும். எல்லாத்தையும் மேலேயே தள்ளினால் அது விலையேற்றம், அதை விலையேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

தனித்தனியாக முழுசாக்குவதிலும் மொத்தமாக முழுசாக்குவதிலும் உள்ள வித்தியாசம் பழைய ஆட்களுக்குத் தெரிந்ததுதான். 1957 ஏப்ரல் 1-ல் அணா போய் நயா பைசா வந்தது. ஒரு அணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19 என்று மாற்றுப் பட்டியல் போட்டார்கள். ஒரு அணாச் சாமான் மூன்றை ஒவ்வொன்றாக வாங்கினால் 18, ஒன்றாக வாங்கினால் 19. பைசா எப்போது கை மாறுகிறதோ அந்த இடத்தில்தான் முழுசாக்க வேண்டும் என்பது இதில் தெரியும். நம்ம கடையில் பைசா கை மாறுவது சாயாவுக்கு ஒருதடவை, வடைக்கு ஒருதடவை என்று இல்லை, எழுந்து போகும்போது ஒரே தடவைதான்.

இந்த முறையும் எல்லா நேரத்திலும் கை கொடுக்காது. பால் விலை ஏறினால் சாயாவைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அப்போது 20 எப்படி 20-ஆகவே நிற்கும்? அடுத்த முழு எண் 25. அது நாலில் ஒரு பங்கு ஏற்றம், பாலில் ஏறினது அவ்வளவு இருக்காது. அந்த இடத்தில் 22 என்று எழுதிவிட்டு இரண்டு ரூபாய் நாணயத்துக்கு அலைவதே மேல் என்பது என் கருத்து. முழு எண் வேண்டும் என்பதற்காக வாங்கக்கூடாத மூன்று ரூபாயை வாங்கினால், அந்த ஆள் சாயாவை விடமாட்டார், வடையை விட்டுவிடுவார். வடையில்தான் நமக்கு மிச்சம்.

பக்கத்தில் களியக்காவிளை தாண்டினால் கேரளாவில் குடும்பஸ்ரீப் பெண்கள் நடத்துகிற ஜனகீய ஹோட்டல்களைப் பார்த்திருப்பீர்கள். 2020-ல் 20 ரூபாய்க்கு ஊணு என்று தொடங்கினது. ஒரு ஊணுக்கு 10 ரூபாய் அரசு மானியமாகக் கொடுத்தது. 2023-ல் அந்த மானியம் நின்றது, ஊணு 30 ரூபாய் ஆனது. வெளிக்கடையோடு வைத்துப் பார்த்தால் 30 என்பது ரொம்பக் குறைவான விலை. ஆனால் மூன்று வருஷமாக 20 கொடுத்த கைக்கு அது பாதி விலை ஏறின மாதிரி. முழு எண்ணில் இருந்து முழு எண்ணுக்குத் தாண்டும்போது தாண்டு பெரிதாகத்தான் இருக்கும். அங்கே நின்றுபோன மானியமும் கூடின விலையும் ஒரே 10 ரூபாய், அதனால் காரணத்தை யாருக்கும் ஒரு வரியில் சொல்லிவிட முடியும். நம்ம கடையில் விலை கூட்டும்போதும் அப்படி ஒரு வரியில் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ‘பால் லிட்டருக்கு இத்தனை ரூபாய் ஏறியிருக்கு, சாயாவுக்கு ஒரு ரூபாய் கூட்டுறோம்’ என்றால் ஆள் தலையாட்டுவார். ‘எல்லாத்துக்கும் ஏறிப்போச்சு’ என்றால் தலையாட்ட மாட்டார்.

இனி மாற்றத்தை எப்படிச் சொல்வது. வழக்கமான ஆள் பலகையைப் பார்ப்பது இல்லை என்று சொன்னேன், அதனால் பலகையில் எழுதினால் அவருக்குச் சொன்னதாக ஆகாது. வாயால் சொல்ல வேண்டும். பதினைந்து நாள் முன்னாலேயே பைசா வாங்கும்போது, “அண்ணே, ஒண்ணாம் தேதி முதல் புட்டு 38” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். கல்லாப் பெட்டி மேலே அதையே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினோம். காலையில் வருகிற ஒரு பாட்டா, “ஒரு ரூவாய்க்கு இவ்வளவு சொல்லணுமா மக்கா” என்று சிரித்தார். சொல்லாமல் வாங்கியிருந்தால் அந்தச் சிரிப்பு இருந்திருக்காது.

பற்று வைக்கிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். எந்த நாள் சாப்பிட்டாரோ அந்த நாள் விலை. மாதக் கடைசியில் பழைய பற்றைக் கூட்டி, கையெழுத்து வாங்கி முடித்துவிட்டு, புதிய விலைக்குப் புதிய பக்கம் தொடங்க வேண்டும். ஒரே பக்கத்தில் 37-ம் 38-ம் கலந்து கிடந்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. அண்டி ஆபீஸ் பெண்கள் வாரக் கூலி வாங்கித்தான் பற்று தீர்ப்பார்கள். அவர்களுக்கு வாரக் கடைசியில் பக்கம் முடித்தோம்.

அதைவிடப் பெரிய குழப்பம் நம்ம பக்கத்தில் இருந்தே வரும். குழுக்கடையில் காலையில் ஒரு அக்கா, மதியம் ஒரு அக்கா, சாயங்காலம் வேறொருத்தி. காலையில் புட்டுக்கும் சாயாவுக்கும் 50 வாங்கி, சாயங்காலம் கூட்டிப் பார்த்து 49 வாங்கினால் வாடிக்கைக்காரர் எதை நம்புவார்? விலை மாறுவதைவிட, ஆளுக்கு ஆள் விலை மாறுவதுதான் கடையைக் கெடுக்கும். அதனால் கல்லாவுக்கு உள்பக்கம், நமக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு அட்டை ஒட்டியிருக்கோம். அதில் தனி விலை, சேர்க்கை விலை, அடிக்கடி வருகிற கணக்குகள் எல்லாம் இருக்கும். இரண்டு சாயா, ஒரு வடை என்றால் 32. மூன்று சாயா, மூன்று பழம்பொரி என்றால் 75. புதிதாக முறைக்கு வருகிற உறுப்பினர் முதல் வாரம் அட்டையைப் பார்த்தே சொல்ல வேண்டும், மனக்கணக்கு வேண்டாம்.

சேர்க்கை எழுதும்போது ஒன்று கவனியுங்கள். சாயாவும் வடையும் 20 என்று எழுதினதைப் பார்த்து, ‘வடை வேண்டாம், சாயா மட்டும் கிடைக்காதா’ என்று ஒரு வயசான ஆள் தயங்கி நின்றார். அன்றைக்கே சேர்க்கை வரிகளுக்கு மேலே ‘சேர்த்து வாங்கினால்’ என்று எழுதினோம். சேர்க்கை நாலு வரிக்கு மேலே போகவும் விடவில்லை. பத்துச் சேர்க்கை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், கல்லாவில் இருக்கிறவளுக்கும் ஓர்மையில் நிற்காது.

மாற்றினது சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள நாங்கள் பார்ப்பது இரண்டே விஷயம். பைசா கொடுக்கும்போது “எவ்வளவு?” என்று தினமும் வருகிறவர் கேட்டால் ஒரு குறி. அவர் கேட்கவே கூடாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஒன்பது, பத்துக் குறி விழுந்தது. மூன்றாவது வாரம் ஒன்று, இரண்டு. மூன்றாவது வாரமும் குறையாமல் இருந்தால் பழைய பலகைக்கே திரும்பிவிடலாம் என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதித்தான் தொடங்கினோம். மற்றது சாயங்காலம் பெட்டிக் கணக்கு. அது இடிக்கிறது குறைந்தால் முழு எண் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு இப்போ வாரத்தில் ஐந்து நாள் சரியாக நிற்கிறது.

கடை நடத்துகிற குழுக்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வார விற்பனை நோட்டோடு வாருங்கள், எந்தச் சாமானோடு எது சேர்ந்து போகிறது என்று உட்கார்ந்து பார்க்கலாம். விலைப்பலகையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.